கம்பஸ் ஆட்சேர்ப்பு: விளம்பரம் போட்டும் பிள்ளைகள் வரவில்லை என்றால் எங்கே பார்ப்பது?

ஒரு மாதிரி நிலைமையை எடுத்துக்கொள்வோம். திருகோணமலை நகரில் ஒரு நடுத்தர நிறுவனம். கணக்குப் பிரிவுக்கு நான்கு பேர், கணினிப் பிரிவுக்கு இரண்டு பேர் என்று ஆறு பயிலுநர்களை எடுக்க நினைக்கிறது. கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்து இறுதி வருட மாணவர்களை மனதில் வைத்து ஒரு போஸ்டர் செய்தார்கள், ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்கள். இரண்டு கிழமை கழித்துப் பார்த்தால் ஒன்பது விண்ணப்பங்கள்தான் இருக்கின்றன. அதிலும் ஐந்து பேர் எப்போதோ பட்டம் முடித்தவர்கள்.

இந்த இடத்தில் பலர் செய்வது போஸ்டரை இன்னும் பளிச்சென்று மாற்றிப் போடுவது. அதைச் செய்ய வேண்டாம். முதலில் ஓட்டம் எந்த இடத்தில் நின்றது என்று கண்டுபிடியுங்கள். மின்னஞ்சல் வளாகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா, அங்கிருந்து மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போனதா, பார்த்தவர்கள் படிவத்தைத் திறந்தார்களா, திறந்தவர்கள் அனுப்பினார்களா? தொழில் வழிகாட்டல் அலகுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, வெவ்வேறு துறைகளில் படிக்கும் இரண்டு மூன்று மாணவர்களிடம் ஒரு கேள்வி, இவ்வளவு போதும். "விளம்பரம் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "பார்த்தபோது இது உங்களுக்குத்தான் என்று நினைத்தீர்களா?" என்றும் கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்வியில்தான் பெரும்பாலும் விடை கிடைக்கும்.

அறிகுறி: அலகிலிருந்து பதில் இல்லை, மாணவர் யாரும் பார்க்கவே இல்லை

மின்னஞ்சல் ஸ்பாம் பெட்டிக்குள் விழுந்திருக்கலாம். சோதிப்பது சுலபம். அதே மின்னஞ்சலை, அதே இணைப்புகளுடன், உங்கள் சொந்த ஜிமெயில் முகவரிக்கு அனுப்புங்கள். கணினியில் அதைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் `Show original` என்பதை அழுத்துங்கள். மேலே SPF, DKIM, DMARC என்று மூன்று வரிகள் வரும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் `PASS` இருக்க வேண்டும். உங்கள் நிறுவனத்தின் பெயரில் வேறு யாரும் கடிதம் அனுப்பவில்லை என்பதை, கடிதத்தைப் பெறும் பக்கம் சரிபார்க்கும் வழி இது. ஒரு வரி இல்லை என்றாலோ `FAIL` என்று வந்தாலோ, உங்கள் இணையப் பெயரைப் பார்த்துக்கொள்பவரிடம் அந்தத் திரையைப் படம் பிடித்துக் கொடுங்கள். அவர் இப்படிச் சோதிப்பார் (example.com இருக்கும் இடத்தில் உங்கள் இணையப் பெயர் வரும்):

```
nslookup -type=TXT example.com
nslookup -type=TXT _dmarc.example.com
```

முதல் கட்டளைக்கான விடையில் `v=spf1` என்றும், இரண்டாவதில் `v=DMARC1` என்றும் தொடங்கும் வரி இருக்க வேண்டும். 2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயில் தன் முகவரிகளுக்கு அனுப்பும் எல்லோரிடமும் SPF அல்லது DKIM இரண்டில் ஒன்றையாவது கேட்கிறது. சிறிய நிறுவனம்தானே என்று இதை விட்டுவிட முடியாது. மாணவர்களின் தனிப்பட்ட முகவரிகளை யாரிடமோ வாங்கி நூற்றுக்கணக்கில் ஒரேயடியாக அனுப்புவதும் வேண்டாம். சிலர் ஸ்பாம் என்று அழுத்தினாலே போதும், உங்கள் அடுத்த கடிதங்களும் சேர்ந்து அடிபடும். அவர்கள் அந்த முகவரியை உங்களுக்குத் தரவும் இல்லை.

கடிதம் சரியாகப் போய்ச் சேர்ந்தும் நகரவில்லை என்றால், காரணம் அதன் அமைப்பில் இருக்கும். அலகில் இருப்பவர் உங்கள் கடிதத்தைப் படித்து, சுருக்கி, மாணவர்களுக்கு ஏற்றமாதிரி எழுதி அனுப்ப வேண்டும் என்ற நிலையில் அது இருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று போய்விடும். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவருக்கு இது போன்ற கடிதங்கள் நிறைய வருகின்றன. ஆகவே கடிதத்தை இரண்டு துண்டாக எழுதுங்கள். மேல்துண்டு அவருக்கு. கீழ்த்துண்டு அப்படியே நகலெடுத்து வாட்ஸ்அப்பில் போடக்கூடியது. மேல்துண்டு இப்படி இருக்கலாம்:

> மதிப்பிற்குரிய பணிப்பாளர் அவர்களுக்கு,
> நாங்கள் திருகோணமலை நகரில் இயங்கும் நிறுவனம். ஆறு பயிலுநர் இடங்களுக்கு உங்கள் வளாகத்து இறுதி வருட மாணவர்களைத் தேடுகிறோம். உங்களிடம் இரண்டு உதவிகள் கேட்கிறோம். கீழே கோட்டுக்குக் கீழ் உள்ள செய்தியை முகாமைத்துவ, கணினித் துறைகளின் இறுதி வருட மாணவர்களுக்கு மார்ச் 6க்குள் அனுப்பிவைக்க முடியுமா? மார்ச் 26 வியாழன் காலை வளாகத்தில் ஓர் அறை கிடைக்குமா? மேலதிக விபரம் தேவையென்றால் இந்த இலக்கத்துக்கு அழையுங்கள், நானே பேசுவேன்.

கடிதத் தலைப்பில் "வேலைவாய்ப்பு" என்று மட்டும் போட்டால் அது நூறில் ஒன்றாகிவிடும். "இறுதி வருட மாணவர்களுக்கு 6 பயிலுநர் இடங்கள், திருகோணமலை நகரம், முடிவுத் திகதி மார்ச் 20" என்று எழுதினால் திறக்காமலேயே விஷயம் தெரியும். போஸ்டரைப் படமாக மட்டும் அனுப்புவதும் ஒரு தடைதான். படத்தில் உள்ள இணைப்பை அழுத்த முடியாது. போஸ்டர் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எழுத்தும் இணைப்பும் கடிதத்தின் உடலிலும் இருக்கட்டும்.

அறிகுறி: பார்த்தார்கள், ஆனால் விண்ணப்பிக்கவில்லை

இதில் முதலில் பார்க்க வேண்டியது படிவம். நிறுவனத்தின் கூகுள் கணக்கில் செய்த ஃபோம்கள் சில நேரம் அந்த நிறுவனத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் திறக்கும்படி இருக்கும். அலுவலகத்தில் எல்லோருக்கும் திறக்கும், மாணவருக்கு மட்டும் அனுமதி இல்லை என்று வரும். யார் பதில் தரலாம் என்ற இடத்தில் `Anyone with the link` என்று இருக்கிறதா பாருங்கள். அப்புறம் கோப்பு பதிவேற்றும் கேள்வி வைத்திருந்தால், பதில் தருபவர் கூகுள் கணக்கில் நுழைந்தே ஆக வேண்டும். சுயவிபரக் கோவை கையில் தயாராக இல்லாத மாணவர் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு "பிறகு நிரப்பலாம்" என்று மூடிவிடுவார். முதல் கட்டத்தில் பெயர், துறை, பட்ச், தொலைபேசி இலக்கம், எந்த இடத்துக்கு விண்ணப்பிக்கிறார், இந்தச் செய்தியை எங்கே பார்த்தார் என்ற ஆறு கேள்விகளோடு நிறுத்துங்கள். கோவையைத் தெரிவானவர்களிடம் பிறகு கேட்கலாம். அடையாள அட்டை இலக்கம், சமயம், திருமண நிலை இவையெல்லாம் இந்தக் கட்டத்தில் உங்களுக்கு எதற்கு? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேவைக்கு மிஞ்சிய தகவலைச் சேர்க்கக்கூடாது என்ற திசையில்தான் இருக்கிறது. கடைசியாக, உங்கள் கணக்கில் நுழையாத ஒரு தொலைபேசியில், வைஃபையை அணைத்துவிட்டு, டேட்டாவில் படிவத்தை நீங்களே நிரப்பிப் பாருங்கள்.

படிவம் சரி என்றால் அடுத்தது சொற்கள். உண்மையான சிக்கல் பெரும்பாலும் இங்கேதான். நம் நிறுவனத்தின் முதல் விளம்பரம் இது:

> துடிப்பான இளம் பட்டதாரிகளே! முன்னணி நிறுவனம் ஒன்றில் இணைய அரிய வாய்ப்பு. தகுதி: வணிக நிர்வாகம் அல்லது கணினித் துறையில் பட்டம். அனுபவம் விரும்பத்தக்கது. கவர்ச்சிகரமான சம்பளம். 2025இல் வெளியேறுபவர்கள் விண்ணப்பிக்கலாம்.

இறுதி வருட மாணவி ஒருத்தியின் கண்ணால் இதைப் படித்துப் பாருங்கள். "பட்டதாரி" என்கிறது, அவள் இன்னும் பட்டதாரி ஆகவில்லை. கடைசிப் பரீட்சை முடிந்தாலும் பெறுபேறு வர மாதங்கள் எடுக்கும், பட்டமளிப்பு அதற்கும் பிறகு. "தகுதி: பட்டம்" என்ற இரண்டு சொற்களே அவளை வெளியே நிறுத்திவிட்டன. ஏற்கெனவே பட்டம் முடித்த ஐந்து பேர் விண்ணப்பித்ததன் காரணமும் அதுதான்.

"2025இல் வெளியேறுபவர்கள்" என்பதும் இங்கே வேலை செய்யாது. பெருந்தொற்றும் அதன் பின்வந்த நெருக்கடியும் பல்கலைக்கழக நாட்காட்டிகளை இழுத்துவிட்டன. ஒரே பல்கலைக்கழகத்திலேயே பீடத்துக்குப் பீடம் வேறு வேறு மாதங்களில் முடிக்கிறார்கள். தாங்கள் எந்த வருடம் வெளியேறுவோம் என்று மாணவர்களுக்கே தெளிவாகத் தெரியாது. அவர்கள் தங்களை அடையாளம் காண்பது அனுமதி பெற்ற கல்வியாண்டால், அதாவது 2020/2021 பட்ச், 2021/2022 பட்ச் என்று. எந்தப் பட்ச் இப்போது கடைசி செமஸ்டரில் இருக்கிறது என்று அலகில் ஒரு வார்த்தை கேட்டு, அதையே விளம்பரத்தில் போடுங்கள். "இறுதி வருடம்" என்று சொல்வதிலும் ஒரு கவனம் வேண்டும். பொதுப் பட்டம் மூன்று வருடம், சிறப்புப் பட்டம் நான்கு வருடம். இரண்டும் இருக்கும் துறையில் மூன்றாம் வருட மாணவர் "இது நானா, எனக்கு மேலே உள்ளவரா?" என்று தயங்குவார். தயங்குபவர் யாரிடமும் கேட்பதில்லை, விட்டுவிடுவார்.

"கவர்ச்சிகரமான சம்பளம்" என்பது எதையும் சொல்லவில்லை. சம்பளம் சொன்னால் போட்டி நிறுவனம் பார்த்துவிடும் என்று சில முதலாளிமார் பயப்படுவார்கள். அந்தப் பயத்துக்குக் கொடுக்கும் விலை பெரியது. வேலை மோசடிகள் வாட்ஸ்அப்பில் சுற்றும் காலத்தில், தொகை சொல்லாத, முகவரி சொல்லாத விளம்பரத்தை வீட்டில் பெரியவர்கள் பார்த்தால் "இது என்ன இடமோ" என்றுதான் சொல்வார்கள். நம் நிறுவனம் தரப்போவது மாதம் 55,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் பங்கு 8 வீதம், அதாவது 4,400 ரூபா பிடிபடும். கைக்கு வருவது 50,600. நிறுவனம் தன் பங்காக 12 வீதம், 6,600 ரூபாவை அதே நிதிக்கும், 3 வீதம், 1,650 ரூபாவை ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் கட்டுகிறது. இதை இரண்டு வரியில் எழுதிவிடலாம். போர்டிங் எடுத்துத் தங்கப்போகும் பிள்ளைக்குக் கணக்குப் போட அது வேண்டும்.

திருத்திய விளம்பரம், மாணவர்களுக்குப் போகும் கீழ்த்துண்டு, இப்படி வரும்:

> கணக்குப் பயிலுநர் 4 பேர், கணினி உதவிப் பயிலுநர் 2 பேர். திருகோணமலை நகர அலுவலகம், நேரில் வந்து வேலை.
> யாருக்கு: முகாமைத்துவ, கணினித் துறைகளில் கடைசி செமஸ்டரில் இருப்பவர்கள், கடைசிப் பரீட்சை எழுதிப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பவர்கள். பொதுப் பட்டமும் சரி, சிறப்புப் பட்டமும் சரி. பட்டச் சான்றிதழ் இப்போது தேவையில்லை.
> என்ன வேலை: கணக்குப் பிரிவில் விலைப்பட்டியல் பதிவு, வங்கிக் கணக்கு ஒப்பிடல், மாத முடிவு அறிக்கைக்கு உதவி. கணினிப் பிரிவில் அலுவலகக் கணினிகள், வலையமைப்பு, வாடிக்கையாளரின் முதல்கட்டக் கேள்விகள். முதல் மூன்று மாதம் ஒரு மூத்தவருடன் இணைந்து வேலை.
> சம்பளம்: மாதம் 55,000 ரூபா. சேமலாப நிதி கழித்துக் கைக்கு 50,600. முதல் மாதத்திலிருந்தே சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் கட்டப்படும். ஆறு மாதத்தில் நிரந்தரம் பற்றிய முடிவு எழுத்தில்.
> பணம் எதுவும் கட்டத் தேவையில்லை. அசல் சான்றிதழ்களை வாங்கி வைப்பதில்லை.
> விண்ணப்பம்: ஆறு கேள்விகள், ஐந்து நிமிடம். முடிவு மார்ச் 20 வெள்ளி இரவு. நேர்முகம் மார்ச் 26 வியாழன், வளாகத்தில். வேலை தொடக்கம் உங்கள் கடைசிப் பரீட்சை முடிந்து இரண்டு கிழமையில்.

அந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். "உடனடியாகச் சேர வேண்டும்" என்று எழுதியிருந்தால் பரீட்சை இருக்கும் பிள்ளை வர முடியாது. நிலையான ஒரு திகதி போட்டாலும், பரீட்சை தள்ளிப்போனால் அது பொய்யாகிவிடும். பரீட்சையோடு கட்டிவிட்டால் பரீட்சை நகர்ந்தாலும் வாக்கு நிற்கும்.

வளாகத்தில் கற்பித்தல் மொழி பெரும்பாலும் ஆங்கிலம், மாணவர்கள் நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். அதனால் மாணவருக்குப் போகும் துண்டு ஆங்கிலத்தில் இருப்பது வழமை. ஆனால் ஒரே பக்கத்தில் தமிழ், சிங்களச் சுருக்கங்களையும் சேர்த்துவிடுங்கள். அதன் பயன் கடைசி அறிகுறியில் தெரியும்.

அறிகுறி: நிறைய வருகிறது, ஆனால் வேண்டியவர்கள் இல்லை

இது "யாருக்கு" என்ற பகுதி தளர்வாக இருப்பதன் விளைவு. "எந்தத் துறையினரும்" என்று எழுதினால் எந்தத் துறையினரும் வருவார்கள். மறுபக்கம், ஜி.பி.ஏ. 3.0க்கு மேல் என்று ஒரு கோடு போட்டு ஆட்களைக் குறைப்பதை நான் விரும்புவதில்லை. வங்கிக் கணக்கு ஒப்பிடும் வேலைக்கு அந்த எண் பெரிதாக ஒன்றும் சொல்லாது. அதற்குப் பதிலாகப் படிவத்தில் வேலையோடு சேர்ந்த ஒரு சிறு கேள்வியைச் சேர்க்கலாம்: "வங்கி அறிக்கையில் இருக்கும் ஒரு தொகை நம் ஏட்டில் இல்லை. முதலில் எதைப் பார்ப்பீர்கள்? இரண்டு வரி." வங்கிக் கட்டணம், நேரடி வரவு, பதியாமல் விட்டது என்று ஏதாவது ஒன்றைத் தொடுபவரை அழைக்கலாம். உயர் தேசிய டிப்ளோமா படிப்பவர்களும் வரலாமா என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்து எழுதிவிடுங்கள். நகரில் உயர் தொழில்நுட்ப நிறுவனமும் இருக்கிறது, அங்கிருந்து கேள்வி கட்டாயம் வரும்.

அறிகுறி: தெரிவானார்கள், நேர்முகத்துக்கு வரவில்லை

நாட்காட்டியைப் பாருங்கள். பரீட்சைக்கு முந்திய படிப்பு விடுமுறையில் விடுதிகள் வெறிச்சோடிவிடும். யாழ்ப்பாணத்துப் பிள்ளை யாழ்ப்பாணத்தில், குருநாகல் பிள்ளை குருநாகலில். அந்தக் கிழமையில் நகர அலுவலகத்துக்கு வாருங்கள் என்றால் ஒரு நேர்முகத்துக்காக ஒரு முழு நாளும் பயணச் செலவும் போகும். விரிவுரைகள் நடக்கும் கிழமையில், வளாகத்துக்குள்ளேயே வையுங்கள். வெள்ளி நண்பகலையும் போயா தினத்தையும் தவிருங்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் போக வேண்டியவர்களுக்குக் காலை நேரத்தைக் கொடுங்கள், மாலைப் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் ஒருவரிடம் நல்ல பதில் கிடைக்காது.

நேரத்தை "காலை 9 மணி" என்று எல்லோருக்கும் ஒன்றாகக் கொடுக்காமல் ஆளுக்கு 25 நிமிடம் என்று பிரித்து, முந்திய நாள் ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள்: "தங்கச்சி, நாளை 10.15க்கு உங்கள் நேரம். வர முடியாவிட்டால் இதற்குப் பதில் போடுங்கள், வேறு நேரம் தருகிறோம்." வர முடியாது என்று சொல்ல வழி இருந்தால் சொல்வார்கள். வழி இல்லாவிட்டால் வெட்கத்தில் பேசாமல் இருந்துவிடுவார்கள், நீங்களும் அவர்களை இழந்துவிடுவீர்கள்.

அறிகுறி: கடிதம் வாங்கினார்கள், வேலையில் சேரவில்லை

பரீட்சைக்கு முன்பு கடிதம் கொடுத்து, பரீட்சை முடிந்து சேரச் சொல்லும்போது இடையில் வாரக்கணக்கில் இடைவெளி வருகிறது. அந்த இடைவெளியில் இரண்டு விஷயங்கள் நடக்கும். கொழும்பிலிருந்து இன்னொரு கடிதம் வரும். வீட்டில் "அரசாங்க நியமனம் வரும்வரை பார்ப்போம்" என்று ஒரு பேச்சு எழும். முதலாவதோடு சம்பளத்தில் மட்டும் போட்டி போடுவது ஒரு நடுத்தர நிறுவனத்துக்குக் கடினம். ஆனால் கொழும்பில் போர்டிங், சாப்பாடு, மாதம் ஒரு தடவை ஊருக்கு வந்துபோகும் செலவு எல்லாம் கழித்தால் என்ன மிஞ்சும் என்று பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். அந்தக் கணக்கு உங்களுக்குச் சாதகமாக வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

இரண்டாவதுக்குத்தான் அந்தத் தமிழ், சிங்களப் பக்கம். முடிவெடுக்கும் மேசையில் அம்மாவும் அப்பாவும் இருக்கிறார்கள். அலுவலக முகவரி, வேலை நேரம், சேமலாப நிதி, ஆறு மாதத்தில் வரும் எழுத்து மூல முடிவு, பேசக்கூடிய ஒருவரின் இலக்கம் இவை அவர்கள் படிக்கும் மொழியில் ஒரே தாளில் இருக்கட்டும். அரச நியமனம் பற்றி நேரடியாகவே எழுதலாம்: "அரச வேலை கிடைத்தால் ஒரு மாத அறிவித்தலுடன் விலகலாம், அபராதம் இல்லை." இதைப் படித்தால் ஆட்கள் போய்விடுவார்கள் என்று முதலாளிகள் பயப்படுவார்கள். நடப்பது வேறு. சேர்ந்தால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் தீர்ந்ததும்தான் சேர்வதற்குத் துணிவு வரும். இரண்டு வருடப் பிணை எழுதி வாங்குவதை முதல் வேலைக்கு வரும் ஒரு பிள்ளையிடம் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடிதம் கொடுத்த நாளுக்கும் முதல் வேலை நாளுக்கும் இடையில், பதினைந்து நாளுக்கு ஒரு தடவையாவது, அவர் யாரோடு வேலை செய்யப்போகிறாரோ அந்த மூத்தவரே அழைக்கட்டும். பரீட்சைக் காலத்தில் அழைப்பு வேண்டாம், "நன்றாக எழுதுங்கள் தம்பி, பரீட்சை முடிந்ததும் பேசுவோம்" என்று ஒரு செய்தி போதும். பரீட்சை தள்ளிப்போனதாக அவர் சொன்னால், புதிய தொடக்கத் திகதியை அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி உறுதிப்படுத்திவிடுங்கள். சேராத ஒவ்வொருவரிடமும் காரணத்தை மரியாதையாகக் கேட்டு, அடுத்த பட்ச்சுக்கு விளம்பரம் எழுதும் கோப்பிலேயே அதைக் குறித்து வையுங்கள்.